நான்கு பிடிஎஃப், ஒரு பக்கக் குறிப்பு: வருமான வரி மதிப்பீட்டு உத்தரவைப் படிக்கும் விதம்

வருமான வரித் துறையிலிருந்து "நோட்டீஸ் வந்திருக்கிறது" என்று சொல்பவர்களில் பலரிடம் இருப்பது ஒரு நோட்டீஸ் அல்ல, ஒரு கட்டு. ரிட்டர்னைத் துறை விரிவாக ஆராயும் ஸ்க்ரூட்டினி முடிந்து மதிப்பீடு நிறைவேறியிருந்தால், ஒரே நாளில் வழக்கமாக நான்கு ஆவணங்கள் போர்டலில் ஏறும். 143(3) பிரிவின் கீழ் போடப்பட்ட மதிப்பீட்டு உத்தரவு ஒன்று. வரியைக் கணக்கிட்ட தாள் இன்னொன்று. 156-ஆம் பிரிவின்படியான டிமாண்ட் நோட்டீஸ் மூன்றாவது. அபராத நடவடிக்கை தொடங்கியிருந்தால் அதற்கான நோட்டீஸ் தனி.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். ஏன் வரி போட்டார்கள் என்ற காரணம் உத்தரவில் இருக்கிறது. எவ்வளவு என்பது கணக்கீட்டுத் தாளில் இருக்கிறது. எப்போதைக்குள் கட்ட வேண்டும், எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்பது டிமாண்ட் நோட்டீஸில் இருக்கிறது. ஒன்றை மட்டும் படித்துவிட்டு ஆடிட்டருக்கு போன் போட்டால் பாதிக் கதைதான் சொல்ல முடியும். நான்கையும் படித்து ஒரு பக்கத்தில் எழுதிவிட்டால், பிறகு எந்த ஆலோசனையும் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். 60 வயதுக்கு உட்பட்ட சம்பளக்காரர் ஒருவர். மதிப்பீட்டு ஆண்டு 2023-24, அதாவது 2022-23 நிதியாண்டில் வந்த வருமானம். பழைய வரி முறையில் 2023 ஜூலையில், கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருக்கிறார். காட்டிய வருமானம் 8,40,000 ரூபாய். அதற்குரிய வரி, செஸ்ஸையும் சேர்த்து 83,720 ரூபாய். அந்தத் தொகை முழுவதையும் நிறுவனம் டிடிஎஸ்ஸாகப் பிடித்துக் கட்டிவிட்டது. அந்த ஆண்டில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 11 லட்சம் ரொக்கமாகப் போடப்பட்டிருந்ததால் கேஸ் ஸ்க்ரூட்டினிக்குப் போனது. 2025 மார்ச் 18 தேதியிட்டு உத்தரவு வந்திருக்கிறது.

முதல் பக்கத்தில் பான் எண், மதிப்பீட்டு ஆண்டு, எந்தப் பிரிவின் கீழான உத்தரவு, தேதி, ஆவண அடையாள எண் ஆகியவை இருக்கும். பிரிவைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். 143(3) என்றால் பதில் கேட்டு, பரிசீலித்துப் போட்ட உத்தரவு. 144 என்றால் பதில் வராததால் அதிகாரி தன் முடிவுக்கு ஏற்பப் போட்டது. 147 என்றால் முடிந்த ஆண்டை மறுபடி திறந்து போட்டது. எந்தப் பிரிவு என்பதை வைத்துத்தான் மேல்முறையீட்டில் என்ன வாதம் எடுபடும் என்று தெரியும். 144 உத்தரவில், நோட்டீஸ் நமக்கு உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்பதே பெரிய வாதமாகிவிடும். அடையாள எண்ணையும் பார்த்துவிடலாம். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களிலும் உத்தரவுகளிலும் அது இருக்க வேண்டும் என்பது மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கை. போர்டலில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்த்தால் போலியா என்பதும் தெரிந்துவிடும்.

முதல் பத்திகளிலேயே 143(2) நோட்டீஸ் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்றும் இருக்கும். பலரும் தாவிப்போகும் வரி அது. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் அந்த நோட்டீஸ் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நம் வழக்கில் 2024 ஜூன் 30-தான் கடைசி. அதற்குப் பிறகு வந்திருந்தால், தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மதிப்பீடு செல்லுமா என்று கேட்கலாம். ஆகவே அந்தத் தேதி குறிப்பில் இடம்பெற வேண்டும்.

அடுத்து காரணங்கள். உத்தரவு எழுதப்படும் விதமே படிப்பவரை வழி தவறச் செய்யும். அதிகாரி முதலில் தான் அனுப்பிய கேள்விகளை அப்படியே எடுத்துப் போடுவார். பிறகு, ஏன் சேர்க்கக் கூடாது என்று காரணம் கேட்ட ஷோகாஸ் நோட்டீஸை முழுவதுமாகப் போடுவார். அதன் பிறகு நம் பதிலை, சில நேரம் ஸ்கேன் செய்த படமாகவே ஒட்டுவார். இத்தனைக்கும் பிறகு, பல பக்கங்கள் தாண்டித்தான் அவருடைய சொந்த முடிவு வரும். நம் வழக்கில் நான்காம் பக்கத்தில் "11,00,000 ரூபாயை ஏன் விளக்கமில்லாத பணமாகக் கருதக் கூடாது" என்று இருக்கிறது. அதைப் பார்த்ததுமே பதறி 11 லட்சம் என்று எழுதிக்கொண்டால் தவறு. அது ஷோகாஸில் கேட்ட கேள்வி. ஒன்பதாம் பக்கத்தில், அதே ஆண்டில் வங்கியிலிருந்து எடுத்த 5 லட்சத்தையே திரும்பப் போட்டார் என்பதை வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து அதிகாரி ஏற்றுக்கொண்டிருக்கிறார். மீதி 6,00,000 மட்டும்தான் விளக்கமில்லாத பணத்துக்கான 69ஏ பிரிவின் கீழ் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கேள்வி எது, பதில் எது, முடிவு எது என்று பிரித்துக் காட்டும் அடையாளம் உண்டு. முடிவுப் பத்தி பெரும்பாலும் "பதில் பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதல்ல" என்ற பொருளில் தொடங்கும். அதன் கடைசியில், தடித்த எழுத்தில், சேர்க்கப்பட்ட தொகை தனி வரியாக நிற்கும். நான் ஒரு உத்தரவைக் கையில் எடுத்தால் இந்தத் தனி வரிகளைத்தான் முதலில் தேடுவேன். அவற்றைக் கண்டுபிடித்த பிறகு பின்னோக்கிப் படித்தால், ஒவ்வொரு சேர்க்கைக்கும் எது காரணம் என்பது தானாகத் தெளிந்துவிடும்.

நம் உத்தரவில் இரண்டு சேர்க்கைகள் இருக்கின்றன. முதலாவது மேலே சொன்ன 6,00,000. அப்பா விவசாய வருமானத்திலிருந்து கொடுத்த பணம் என்று இவர் சொன்னார், அப்பாவின் கடிதத்தையும் கொடுத்தார். நில ஆவணமும் விளைபொருள் விற்ற ரசீதும் இல்லாமல் வெறும் கடிதத்தை ஏற்க முடியாது என்றார் அதிகாரி. இரண்டாவது, 80சி கழிவில் 50,000 ரூபாய்க்கு முதலீட்டுச் சான்று வரவில்லை என்று அந்தத் தொகையை மறுத்தது.

ஒரு காரணத்தைச் சுருக்கி எழுதும்போது பிரிவு, தொகை, அதிகாரியின் காரணம் ஒரே வாக்கியத்தில், நாம் கொடுத்த ஆவணம், அந்த ஆவணத்தை அவர் தொட்டாரா இல்லையா, இவ்வளவும் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மேல்முறையீட்டில் உயிர்நாடி. "கடிதத்தைப் பார்த்தார், போதாது என்றார்" என்பது ஒன்று. "கடிதத்தைப் பற்றி உத்தரவில் ஒரு சொல்லும் இல்லை" என்பது முற்றிலும் வேறு. முதல் நிலையில் புதிய சான்று தேட வேண்டியிருக்கும், அதை மேல்முறையீட்டில் ஏற்கவைக்கக் காரணமும் காட்ட வேண்டும். இரண்டாம் நிலையில் கொடுத்ததைக் கவனிக்கவில்லை என்றே வாதிடலாம். "ஆதாரமில்லாததால் சேர்த்தார்கள்" என்று பொதுவாக எழுதிவிட்டால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

சரிபார்க்க ஒரு எளிய கூட்டல் போதும். காட்டிய வருமானத்துடன் சேர்க்கைகளைக் கூட்டினால் உத்தரவின் கடைசியில் இருக்கும் மதிப்பிட்ட வருமானம் வர வேண்டும். 8,40,000 + 6,00,000 + 50,000 = 14,90,000. உத்தரவிலும் அதே எண் இருந்தால் காரணம் எதையும் விட்டுவிடவில்லை என்று பொருள். வராவிட்டால் ஏதோ ஒரு சேர்க்கையைத் தவறவிட்டிருக்கிறோம், அல்லது அதிகாரி நம் ரிட்டர்னிலிருந்து தொடங்காமல், ரிட்டர்ன் போட்டதும் நடக்கும் முதல்கட்ட 143(1) பரிசீலனையில் ஏற்கெனவே மாற்றப்பட்ட வருமானத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்.

இப்போது தொகை. வருமானத்தில் சேர்த்த 6,50,000 என்பது கட்ட வேண்டிய பணம் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதுபோல, சேர்க்கைகள் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தில் வரி வருவதும் இல்லை. 80சி மறுப்பு அவருடைய சாதாரண ஸ்லாபில் விழுகிறது. 20 சதவீதம், செஸ் 4 சதவீதம், ஆக 50,000-க்கு 10,400 ரூபாய். 69ஏ சேர்க்கையோ இத்தகைய வருமானத்துக்குத் தனி வரி விகிதம் சொல்லும் 115பிபிஇ பிரிவுக்குப் போகிறது. 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு அங்கே வரி 60 சதவீதம், அந்த வரியின் மேல் 25 சதவீதம் சர்சார்ஜ், எல்லாவற்றின் மேலும் 4 சதவீதம் செஸ். மொத்தத்தில் 78 சதவீதம். 6 லட்சத்துக்கு 4,68,000 ரூபாய். வரியில் கிட்டத்தட்ட 98 சதவீதம் ஒரே காரணத்திலிருந்து வருகிறது என்பது இப்படிப் பிரித்து எழுதினால்தான் கண்ணில் படும். 50,000 ரூபாய் கழிவுக்காக ஆவணம் தேடி அலைந்துகொண்டு, அப்பாவின் விற்பனை ரசீதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டும் சேர்த்துக் கூடுதல் வரி 4,78,400. அதன் மேல் 234பி வட்டி. அட்வான்ஸ் வரி குறைவாகக் கட்டியதற்காக மாதம் 1 சதவீதம், மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் உத்தரவு மாதம் வரை. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கு. 2023 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை 24 மாதம், 24 சதவீதம், 1,14,816 ரூபாய். ஆக 5,93,216, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 5,93,220.

ஆனால் டிமாண்ட் நோட்டீஸில் இருக்கும் எண் 6,18,020.

24,800 ரூபாய் எங்கிருந்து வந்தது? இதற்குத்தான் கணக்கீட்டுத் தாளை வரி வரியாகப் பார்க்க வேண்டும். டிடிஎஸ் வரியில் 83,720-க்குப் பதில் 63,720 இருக்கிறது. 20,000 ரூபாய் விட்டுப்போயிருக்கிறது. அந்த 20,000-க்கு 24 மாத வட்டி 4,800. இரண்டையும் கூட்டினால் 24,800. இவர் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் முழுத் தொகையும் தெரிகிறது என்றால், இது வாதத்துக்கு உரிய காரணமே அல்ல, பார்த்தவுடன் தெரியும் பிழை. அதற்கு 154-ஆம் பிரிவின்படி திருத்த மனு போடலாம். உத்தரவு போட்ட நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டுக்குள் அதைச் செய்ய முடியும். ஆனால் திருத்த மனு போட்டதால் மேல்முறையீட்டுக் கெடு நின்றுவிடாது. திருத்தம் வரட்டும், அப்புறம் அப்பீலைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டால் கெடு போய்விடும். குறிப்பில் இந்த 24,800-ஐத் தனி வரியாகப் பிரித்து, "பிழை, திருத்த மனு" என்று எழுத வேண்டும். மீதி 5,93,220-தான் உண்மையான தகராறு.

கெடுவைப் பற்றி டிமாண்ட் நோட்டீஸே சொல்கிறது. அதில் இரண்டு முப்பது நாட்கள் இருக்கின்றன, அவை இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றினாலும் வெவ்வேறு. ஒன்று பணம் கட்டுவதற்கானது. வழக்கமாக 30 நாள், அரசின் வருவாய்க்குப் பாதகம் என்று கருதினால் மேலதிகாரியின் முன்னனுமதியுடன் அதிகாரி அதைக் குறைக்கலாம். அதனால் அச்சில் இருக்கும் எண்ணைத்தான் எழுத வேண்டும், நினைவிலிருந்து எழுதக் கூடாது. மற்றொன்று வருமான வரி ஆணையரிடம், அதாவது மேல்முறையீட்டு ஆணையரிடம், படிவம் 35-இல் அப்பீல் செய்வதற்கானது. அது 249-ஆம் பிரிவின்படி டிமாண்ட் நோட்டீஸ் வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். பணம் கட்டும் கெடுவைக் குறைத்தாலும் இது குறையாது.

எண்ணும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. 268-ஆம் பிரிவின்படி உத்தரவு வந்து சேர்ந்த நாளைச் சேர்க்கக் கூடாது. மார்ச் 18 வந்தது என்றால் 19 முதல் நாள். மார்ச்சில் 13 நாள், ஏப்ரலில் 17. ஏப்ரல் 17-தான் கடைசி. நம் சம்பளக்காரர் போர்டலைத் திறந்து பார்த்தது ஏப்ரல் 2. அங்கிருந்து எண்ணினால் மே 2 வரை இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மின்னணு முறையில் அனுப்பும்போது, பதிவு செய்த கணக்கில் ஏறியதும் மின்னஞ்சல் போனதும்தான் பார்க்கப்படும், நாம் சாவகாசமாகத் திறந்தது அல்ல. ஆகவே குறிப்பில் உத்தரவுத் தேதி, போர்டலில் e-Proceedings பகுதியில் ஏறிய தேதி, மின்னஞ்சல் வந்த தேதி, மூன்றையும் எழுதி, எல்லாவற்றிலும் முந்தியதிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது, பழைய ஆடிட்டரின் முகவரிக்குப் போனது என்பதெல்லாம் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவில் சொல்ல வேண்டிய காரணங்கள். போதிய காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம், ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்பீல் போட்டுவிட்டால் டிமாண்ட் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. நிற்காது. நோட்டீஸில் சொன்ன நாள் கடந்ததும் பாக்கியின் மேல் மாதம் 1 சதவீதம் 220(2) வட்டி ஓடத் தொடங்கும், வங்கிக் கணக்கை முடக்குவது உள்ளிட்ட வசூல் நடவடிக்கையும் வரலாம். அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை வசூலிக்க வேண்டாம் என்று 220(6) பிரிவின்படி மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியாகக் கேட்க வேண்டும். பொதுவாகத் தகராறிலுள்ள தொகையில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைக்கலாம் என்பது வாரியத்தின் 2017 ஜூலை 31 வழிகாட்டல். 6,18,020-க்கு அது 1,23,604 ரூபாய், டிடிஎஸ் பிழை திருத்தப்பட்டால் 1,18,644. அப்பீலுக்கான கட்டணமோ வெறும் 1,000 ரூபாய், மதிப்பிட்ட வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால் அவ்வளவுதான். காட்டிய வருமானத்துக்கான வரி முழுவதும் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, இவருக்கு அது டிடிஎஸ்ஸிலேயே நிறைவேறிவிட்டது.

நான்காவது பிடிஎஃப் பாக்கி இருக்கிறது. உத்தரவின் கடைசிப் பத்தியில் அபராத நடவடிக்கை தனியே தொடங்கப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகை 6,18,020-க்குள் இல்லை. 69ஏ சேர்க்கைக்கு 271ஏஏசி பிரிவின்படி, 60 சதவீத வரியான 3,60,000-இல் பத்தில் ஒரு பங்கு, 36,000 ரூபாய் வரலாம். 80சி மறுப்புக்கு 270ஏ. அது "குறைத்துக் காட்டியது" என்றால் வரியில் 50 சதவீதம், "தவறாகக் காட்டியது" என்றால் 200 சதவீதம். எந்தச் சொல்லை அதிகாரி பயன்படுத்தியிருக்கிறார் என்பதை நோட்டீஸிலிருந்து அப்படியே எடுத்து எழுத வேண்டும். அந்த நோட்டீஸுக்குப் பதில் கொடுக்கும் தேதியும் தனி. அப்பீல் போட்ட நிம்மதியில் இதை விட்டுவிடுவது வெகு சகஜம்.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்திருக்கிறது, எண்களும் மாறியிருக்கின்றன. முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடுகள் 1961 சட்டத்தின்படியே நடக்கின்றன என்பதால், கையில் இருக்கும் உத்தரவு எந்தச் சட்டத்தைச் சொல்கிறதோ அதையே எழுத வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதினால் நம் வழக்குக்கு இப்படி வரும்:

மதிப்பீட்டு ஆண்டு 2023-24, பிரிவு 143(3), உத்தரவு 18.3.2025, போர்டலிலும் மின்னஞ்சலிலும் அதே நாள். 143(2) நோட்டீஸ் தேதி: உத்தரவில் பார்த்து எழுதுக, கெடு 30.6.2024.
காட்டியது 8,40,000. மதிப்பிட்டது 14,90,000.
காரணம் 1: 69ஏ, 6,00,000. வங்கியில் போட்ட ரொக்கம். அப்பாவின் கடிதம் பரிசீலிக்கப்பட்டது, நில ஆவணமும் விற்பனை ரசீதும் இல்லை என்று மறுக்கப்பட்டது (பக்கம் 9). வரி 4,68,000.
காரணம் 2: 80சி, 50,000. முதலீட்டுச் சான்று தரப்படவில்லை. வரி 10,400.
டிமாண்ட் 6,18,020. இதில் 24,800 டிடிஎஸ் விடுபட்ட பிழை, திருத்த மனு. தகராறு 5,93,220, அதில் 234பி வட்டி 1,14,816.
பணம் கட்ட, அப்பீல் செய்ய: இரண்டுக்கும் 17.4.2025. நிறுத்திவைக்கும் மனு அதற்குள்.
அபராதம்: 271ஏஏசி, 270ஏ, தனி நோட்டீஸ், பதில் தேதி அதில் உள்ளபடி.

படிவம் 35-ஐ நிரப்பும்போது இந்தப் பக்கம் நேரடியாகக் கைகொடுக்கும். அந்தப் படிவத்தில் வழக்கின் விவரத்துக்கு 1,000 சொல், ஒவ்வொரு காரணத்துக்கும் 100 சொல்தான் அளவு. உத்தரவை நகலெடுத்து ஒட்ட அங்கே இடமில்லை.